படத்தில் தெரிவதும் தெரியாததும்

இப்பக்கத்துப் படத்தை உற்றுப் பாருங்கள். பாணிலுள்ள வெள்ளை, மாவு அல்ல. மாவு பரவலாகப் படிந்திருக்கும். இது பஞ்சு போல வட்டமாக, நடுவில் பச்சை பிடித்திருக்கிறது. இதுதான் பூஞ்சணம். அந்த இடத்தை மட்டும் கிள்ளிப் போட்டுவிட்டு மீதியைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீங்க. வேர் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும். மெதுவான சீஸ் துண்டில் நீலப் புள்ளி கண்டாலும் முழுதாக வீசிவிடுங்கள்.

சோற்றில் மினுமினுப்பும் இடைக்கிடை மஞ்சளும் தெரிகிறதே, அது வழுவழுப்பு. கரண்டியில் எடுத்தால் நூலாக இழுபடும்.

ஆனால், வடித்து இரவு முழுக்க வெளியே வைத்த சோறு படத்தில் வெள்ளையாக, நல்லாத்தான் தெரியும். அதில் வாந்தி உண்டாக்கும் நஞ்சு இருக்கலாம். திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. ஆகவே சோற்றின் நிறத்தை மட்டும் பார்க்காமல், எப்போது வடித்தது என்றும் கேளுங்கள்.