மாரடைப்பு மாதிரி ஒரு நோய்!

2004-ம் வருஷம் அக்டோபர் 23-ந் தேதி ஜப்பானில் நீகாதா பிரதேசத்தைப் பூகம்பம் உலுக்கியது. அதற்குப் பின் அங்கே ஒரு விந்தையான இதய நோய் அதிகமாயிற்று. அகப்பட்டவர்கள் பெரும்பாலும் வயதான பெண்கள்.

அப்படி மார்வலியோடு ஆஸ்பத்திரிக்கு வரும் ஓர் அம்மாளைப் பாருங்கள். ஈ.ஸி.ஜி. மாரடைப்பு என்கிறது. அடிபட்ட இதயத் தசையிலிருந்து கசியும் ட்ரோபோனின் ரத்தத்தில் இருக்கிறது. ஆனால், சாயம் செலுத்தி ரத்தக் குழாய்களைப் படம் எடுத்தால், காரணமான அடைப்பைக் காணோம்! இதயத்தின் மேல்பாகம் சுருங்குகிறது. நுனி மட்டும் சுருங்காமல் உப்பி நிற்கிறது. ஜப்பானியர் ஆக்டோபஸ் பிடிக்கும் 'டகோட்சுபோ' என்ற பானையின் வடிவம். அந்தப் பெயரையே 1990-ல் நோய்க்கு வைத்தார்கள்.

அதிர்ச்சியில் பெருகும் அட்ரினலின் தசையை மரத்துப்போகச் செய்கிறது என்று டாக்டர்கள் கருதுகிறார்கள். மாரடைப்பில் ரத்தம் கிடைக்காமல் தசை மடிந்து தழும்பாகிறது. இதிலோ தசை சாகவில்லை, மயங்கியிருக்கிறது. ஆகவேதான் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் இதயம் பழையபடி இயங்குகிறது.

ஆனால் முதல் சில நாட்கள் ஆபத்தானவை. 'துக்கத்தில் வந்த வலிதானே' என்று வீட்டிலேயே தீர்மானித்துவிடாதீர்கள். மார்வலி என்றால் உடனே ஆஸ்பத்திரிதான்!