தூரத்து மலையின் மூட்டம்

கோத்தகிரியை அடுத்த கோடநாடு காட்சிமுனையில் நின்றால் கீழே மோயாறு வளைந்தோடுவதும், தெங்குமரஹாடாவின் வயல்களும், எதிரே ரங்கசாமி மலையும் தெரியும். கண்ணுக்கு அத்தனையும் தெரிகிறது. வீட்டுக்கு வந்து படத்தைக் கணினியில் திறந்தால் முன்னால் இருக்கும் மரம் மட்டும் பளிச்சென்று நிற்கிறது, அதற்குப் பின்னால் எல்லாமே சாம்பல் பூசிய நீலம். உடனே கை `Dehaze` என்ற பொத்தானுக்குப் போகும். லைட்ரூமில் 2015இல் அடோபி சேர்த்த இந்த வசதியை வலது கோடி வரை இழுத்தால் மலை எழுந்து வரத்தான் செய்கிறது. ஆனால் மலையின் விளிம்பில் வெள்ளையாக ஒரு கோடு ஓடும், காடு ஊதா கலந்த நீலமாகும், வானத்தில் புள்ளி புள்ளியாக அழுக்கு தெரியும். கல்யாண வீட்டில் ஒப்பனை கொஞ்சம் தூக்கலாகிப்போன முகம் மாதிரி.

ஏன் இப்படி ஆகிறது என்று புரிந்துகொண்டால் சரிசெய்வது சுலபம். மூட்டம் மலையிலிருந்து வரும் ஒளியைக் குறைப்பதோடு, படத்தின் மேல் வெளிச்சத்தையும் கூட்டுகிறது. தூரத்து மலைக்கும் கேமராவுக்கும் நடுவே உள்ள காற்றில் ஈரமும் தூசும் புகையும் மிதக்கின்றன. வெயில் அவற்றில் பட்டுச் சிதறி, மலையிலிருந்து வரும் ஒளியோடு கலந்து லென்ஸுக்குள் வருகிறது. காற்று நீல ஒளியைத்தான் அதிகம் சிதறடிக்கும் என்பதால் இந்தக் கலப்படத்தில் நீலம் தூக்கலாக இருக்கும். ஆகவே கருத்திருக்க வேண்டிய நிழல் வெளுக்கிறது. வெளுத்த பாறைக்கும் கருத்த நிழலுக்கும் உள்ள வித்தியாசம் சுருங்கிவிடுகிறது.

ஒரு படத்தின் எண்களைப் பார்க்கலாம். ஃபோட்டோஷாப்பில் `Info` பலகையைத் திறந்து, தூரத்து மலையின் மிகக் கருத்த மடிப்பின் மேல் சுட்டியை வைத்தால் சிவப்பு 92, பச்சை 108, நீலம் 128 என்று காட்டுவதாக வைத்துக்கொள்வோம். அதே மலையில் வெயில் படும் பாறை 150, 158, 166. முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 255 என்ற அளவுகோலில் அந்த மலை முழுவதும் ஒரு சின்ன இடுக்குக்குள் அடங்கிக் கிடக்கிறது. சிவப்பில் 58 படி வித்தியாசம் மிச்சமிருக்க, நீலத்தில் 38தான். நீலத்தில்தான் மூட்டம் அதிகம் ஏறியிருக்கிறது என்று இந்த எண்களே சொல்கின்றன.

இனி செய்ய வேண்டியது கழித்தல் கணக்கு. அதை எப்படிக் கழிக்கிறோம் என்பதில்தான் நிறம் கெடுவதும் பிழைப்பதும் இருக்கிறது. மூன்று நிறத்திலும் ஒரே அளவாக 92ஐக் கழித்து மீதியை விரித்தால் அந்த நிழல் 0, 25, 56 என்று மாறும். சிவப்பு அறவே போய்விட, நீலம் மட்டும் மிஞ்சுகிறது. மை கொட்டினாற்போல மலை நீலமாவது இதனால்தான். இதைப் பார்த்துவிட்டுப் பலரும் நிறச்செறிவைக் குறைக்கப் போகிறார்கள். அப்போது முன்னால் உள்ள மரத்தின் பச்சையும் சேர்ந்து செத்துப்போகிறது.

மாறாக, மூட்டம் ஏறிய அளவுக்கு ஏற்ப ஒவ்வொரு நிறத்திலும் தனித்தனியாகக் கழிக்கலாம். அதுவும் முழுசாக வேண்டாம், பாதி போதும். `Levels` கருவியில் சிவப்பைத் தேர்ந்து இடது முனையை 46க்கும், பச்சையில் 54க்கும், நீலத்தில் 64க்கும் நகர்த்தினால் அந்த நிழல் ஏறக்குறைய 56, 69, 85 ஆகும். பாறை 127, 132, 136க்கு வரும். நிழலில் மெல்லிய நீலம் தங்குகிறது, பாறை கிட்டத்தட்ட நடுநிலைச் சாம்பலாகிறது, வித்தியாசம் மூன்று நிறத்திலும் கூடியிருக்கிறது. மலை சற்றே இருண்டுபோயிருக்கும், நடுப்பொத்தானைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளினால் தெளியும். இதற்குப் பிறகும் நீலம் உறுத்தினால் அந்த அடுக்கின் கலப்பு முறையை `Luminosity`க்கு மாற்றலாம். அப்போது வெளிச்சம் மட்டும் மாறும், நிறம் பழையபடியே நிற்கும். ஆனால் அது சில படங்களைச் சோகையாக்கிவிடும், பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

அடுத்து அந்த வெள்ளைக் கோடு. மூட்டம் நீக்கும் கருவிகளுக்கு வழிகாட்டிய ஆய்வுகளில் ஒன்று, காய்மிங் ஹ, ஜியன் சன், ஷியாவோ டாங் ஆகிய மூவர் 2009இல் வெளியிட்டது. தெளிந்த வெளிப்புறப் படத்தில் எந்தச் சிறு பகுதியை எடுத்தாலும், வானம் தவிர, ஏதாவது ஒரு நிறத்தில் கிட்டத்தட்டக் கறுப்பாக ஒரு புள்ளி இருக்கும் என்பது அவர்கள் கண்டது. அப்படிக் கறுப்பே காணோம் என்றால் அங்கே மூட்டம் என்று கொள்ளலாம். இலவச மென்பொருளான டார்க்டேபிளின் `haze removal` இந்த வழியில்தான் வேலை செய்கிறது. சிக்கல் என்னவென்றால், கருவி புள்ளி புள்ளியாகப் பார்க்காமல் சதுரம் சதுரமாகப் பார்க்கிறது. பாதி மரக்கிளை, பாதி வானம் என்று ஒரு சதுரம் அமைந்துவிட்டால் கிளையின் கறுப்பைப் பார்த்து ‘இங்கே மூட்டம் இல்லை’ என்று முடிவுகட்டி, ஒட்டியுள்ள வானத்தையும் தொடாமல் விட்டுவிடுகிறது. சுற்றிலும் வானம் இருள, கிளையை ஒட்டி மட்டும் வெளிச்ச வளையம் மிஞ்சுகிறது. பின்னால் வந்த திருத்தங்கள் இதை நிறையக் குறைத்தாலும், பொத்தானை அதிகம் இழுத்தால் அது தலைகாட்டும். வெறும் வானத்தில் கறுப்புப் புள்ளியே கிடையாது என்பதால், அதை முழு மூட்டம் என்று நினைத்துக் கருவி அங்கே பலமாகக் கைவைக்கிறது. அழுக்கு வருவதும் அதனால்தான்.

`Levels` அக்கம்பக்கம் பார்க்காது. ஒவ்வொரு புள்ளியையும் தனியாக மாற்றுவதால் தானாக வளையம் உண்டாக்க அதற்குத் தெரியாது. வளையம் வந்தால் குற்றம் நாம் போட்ட மறைப்பில்தான் இருக்கும். ஆகவே உழைப்பையெல்லாம் மறைப்பில் செலவழிக்க வேண்டும். முதலில் `Select > Sky` கொடுத்து வானத்தை மறைப்பிலிருந்து நீக்கிவிட வேண்டும். மலைமுகடு வானத்தைத் தொடும் இடத்தில் மறைப்பின் விளிம்பு கூர்மையாக, ஒன்றிரண்டு புள்ளி அகலத்துக்கு மேல் மங்காமல் இருக்கட்டும். பலரும் இங்கே தாராளமாக மங்கவைத்துவிடுகிறார்கள். அந்த மங்கல் மலைக்குள் இறங்கினால் முகட்டை ஒட்டி வெளுத்த பட்டை, வானத்துக்குள் ஏறினால் கருத்த பட்டை. ஆனால் மலையிலிருந்து நம்மை நோக்கி இறங்கும் பக்கம் நேர்மாறு: மூட்டம் அங்கே படிப்படியாகக் குறைவதால் மறைப்பும் நீளமாக, மெதுவாகக் கரைய வேண்டும். குறுக்கே நிற்கும் மரக்கிளையைத் தூரிகையால் தனியே விலக்கிவிடலாம். சலிப்பூட்டும் வேலைதான், பத்து நிமிடம் பிடிக்கும்.

இவ்வளவும் முடிந்தபின் `Dehaze` வேண்டுமானால் அதே மறைப்புக்குள் பத்து, பதினைந்து வரை கொடுக்கலாம். அதற்கு முன் லென்ஸின் மூலை இருட்டைத் திருத்திவிட வேண்டும், இல்லையென்றால் அதையும் அது பெரிதாக்கிக் காட்டும். படத்தை 100 சதவீதத்தில் வைத்து முகட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நகர்த்திப் பார்த்துவிட்டு, பிறகு கைப்பேசித் திரை அளவுக்குச் சுருக்கியும் பார்ப்பது நல்லது. பெரிதாக்கினால் தெரியாத பட்டை சுருக்கினால் தெரிவதுண்டு. கடைசி மலை கொஞ்சம் நீலமாகவே நிற்கட்டும். அதையும் துடைத்துவிட்டால் இருபது கிலோமீட்டர் தள்ளியிருப்பது பக்கத்து வீட்டுச் சுவர் மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

இந்தக் கணக்குக்கு ஓர் எல்லையும் உண்டு. நீலத்தில் மிஞ்சியிருந்த 38 படிகளை இழுத்து விரிக்கும்போது இடைவெளிகளும், படத்தோடு பதிவான இரைச்சலும் சேர்ந்து விரிகின்றன. ஜேபெக் கோப்பில் ஒரு நிறத்துக்கு மொத்தமே 256 படிகள்தான், 14 பிட் ரா கோப்பில் 16,384. கோடநாட்டுக்குப் போகிறவர்கள் கிளம்பும் முன்பே கேமராவை ராவுக்கு மாற்றிவிடுங்கள்.