முகம் தெரியாத விரிவுரையாளருக்கு ஒரு மின்னஞ்சல்

சென்ற வருடம் என் பெரியம்மாவின் மகள், நான் ராத்தா என்று கூப்பிடுபவர், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு ஒரு பாடநெறிக்கு விண்ணப்பிக்க ஆயத்தமானார். சில பாடநெறிகளுக்கு இசட் புள்ளி மட்டும் போதாது. பல்கலைக்கழகம் நடத்தும் உளச்சார்புப் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும், அதற்குத் தனியாக விண்ணப்பிக்கவும் வேண்டும். வினாத்தாள் தமிழிலும் உண்டா என்பது மட்டும் அறிவித்தலில் இருக்கவில்லை. இறுதித் திகதிக்கு 12 நாட்கள் இருந்தன. தொலைபேசிக்கு யாரும் பதில் தரவில்லை. ஆகவே துறையின் இணையப் பக்கத்தில் கண்ணில் பட்ட முதலாவது விரிவுரையாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினோம். தட்டச்சு செய்தவள் நான்தான். விடயம் எழுதும் பெட்டியில் "Important" என்றும், தொடக்கத்தில் "Dear Sir" என்றும் எழுதினேன்.

ஆறு நாட்கள் பதில் இல்லை. ஏழாம் நாள் எங்கள் ஆங்கில ஆசிரியையிடம் காட்டினேன். வாசித்துவிட்டு அவர் கேட்டது இரண்டே கேள்விகள். "இவர் ஆண் என்று உங்களுக்கு யார் சொன்னது? இந்தப் பரீட்சைக்கு இவர்தான் பொறுப்பு என்று யார் சொன்னது?"

இரண்டுக்கும் என்னிடம் பதில் இருக்கவில்லை. அந்தப் பக்கத்தில் படம் இல்லை. நான்கு முதலெழுத்துகளும் ஒரு குடும்பப் பெயரும் மட்டுமே இருந்தன. எங்கள் நாட்டில் இது சாதாரணம். K. A. N. Perera என்று ஒரு பெயர் இருந்தால் (இது உதாரணத்துக்கு நான் எழுதிய பெயர்) அது ஆணா பெண்ணா என்று யாராலும் சொல்ல முடியாது. முழுப்பெயர் இருந்தாலும் எங்கள் காது ஏமாற்றிவிடும். "ஆ" ஓசையில் முடிந்தால் பெண் என்று தமிழ்க் காது நினைக்கும். ஆனால் கிரிக்கெட் வீரர் அஜந்த மெண்டிஸை நினைத்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் Ajantha என்று எழுதும்போது அது எங்கள் ஊர் அஜந்தா என்ற பெண்பெயர் போலவே இருக்கிறது. வசந்த என்ற சிங்கள ஆண்பெயருக்கும் வசந்தா என்ற தமிழ்ப் பெண்பெயருக்கும் இதே கதைதான். எங்கள் பெயர்களில் F என்ற எழுத்து வந்தால் பெரும்பாலும் பாத்திமாவாக இருக்கும். ஆனால் பாரூக் என்ற வாப்பாவின் பெயராகவும் இருக்கலாம். எழுத்தைப் பார்த்து ஊகிப்பது சரிவராது.

ஆசிரியை சொன்ன வழி இலகுவானது. தெரிந்ததை மட்டும் எழுது, தெரியாததை எழுதாமல் விடு. ஆங்கிலத்தில் Mr., Ms., Sir, Madam என்பவை ஆண், பெண் என்று பிரித்துவிடும். Dr., Professor என்பவை பிரிப்பதில்லை. ஆகவே ஒருவருக்குக் கலாநிதிப் பட்டமோ பேராசிரியர் பதவியோ இருப்பது உறுதியானால் எங்கள் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும். அதை உறுதிசெய்ய, பெயருக்கு முன்னால் உள்ளதைப் பார்க்க வேண்டும். முன்னால் ஒன்றும் இல்லையென்றால் பெயருக்குக் கீழே உள்ள பட்டங்களில் PhD இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். "சிரேஷ்ட விரிவுரையாளர்" என்ற பதவியைக் கண்டவுடன் Dr. போட்டுவிடக் கூடாது. அது பதவியின் பெயர். கலாநிதிப் பட்டம் இல்லாத சிரேஷ்ட விரிவுரையாளர்களும் இருக்கிறார்கள். பேராசிரியராக இருப்பவரை வெறும் Dr. என்று அழைப்பதும் அழகல்ல, ஏனென்றால் பேராசிரியர் அதற்கு மேற்பட்டது.

பட்டம் தெரியவில்லை, ஆணா பெண்ணா என்பதும் தெரியவில்லை என்றால் என்ன செய்வது? வெறுமனே "Dear K. A. N. Perera" என்று எழுதலாம் என்று சிலர் சொல்வார்கள். வெளிநாட்டுக்கு எழுதும்போது அது பொருந்தலாம். எங்கள் பல்கலைக்கழகங்களுக்கு ஒரு மாணவி அப்படி எழுதினால் மரியாதைக் குறைவாகத் தோன்றும் என்பது என் எண்ணம். "Dear Sir/Madam" பழையதுதான், ஆனாலும் இங்கே அதை யாரும் பிழையாக எடுப்பதில்லை. இன்னொரு வழி, பதவியை விளிப்பது. துறைத் தலைவருக்கு "Dear Head of the Department" என்று எழுதினால் அந்தக் கதிரையில் யார் இருந்தாலும் பொருந்தும்.

தமிழில் எழுதக் கிடைத்தால் இந்தக் கஷ்டமே இல்லை. "மதிப்புக்குரிய விரிவுரையாளர் அவர்களுக்கு" என்றால் போதும். "அவர்கள்" என்பது இருபாலாருக்கும் பொது, மரியாதையும் அதிலேயே இருக்கிறது. நாம்தான் பழக்கத்தில் "ஐயா" என்று தொடங்கி வீணாகச் சிக்கிக்கொள்கிறோம்.

அடுத்தது விடயம். நான் எழுதிய "Important" எனக்குத்தான் முக்கியம். விண்ணப்பக் காலத்தில் ஒரு துறைக்கு வரும் எல்லா மின்னஞ்சலும் அனுப்புபவருக்கு முக்கியமானதுதான். கையடக்கத் தொலைபேசியில் பார்ப்பவருக்கு விடயத்தின் முதல் சில சொற்கள்தான் தெரியும். அந்தச் சில சொற்களிலேயே எந்தப் பரீட்சை, என்ன கேள்வி என்பது வந்துவிட வேண்டும். திறக்காமலே "இது எனக்குரியது" அல்லது "இதை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும்" என்று அவர் தீர்மானிக்க முடிந்தால் அது நல்ல விடயம். "I am a student and I want to know" என்று தொடங்கினால் இடம் எல்லாம் அதிலேயே போய்விடும். அடையாள அட்டை இலக்கத்தை விடயத்தில் போடுவதும் தேவையில்லை. வேண்டுமானால் அது உள்ளே இருக்கட்டும்.

அன்றிரவு புதிதாக எழுதினோம். இம்முறை துறைத் தலைவருக்கு. அவருடைய பெயருக்கு முன்னால் Dr. இருந்தது. மேலே சொன்ன உதாரணப் பெயரையே வைத்துக் காட்டினால், மின்னஞ்சல் இப்படி இருந்தது:

Subject: Aptitude test: is there a Tamil medium paper?

Dear Dr. K. A. N. Perera,

குடும்பப் பெயரை மட்டும் எழுதாமல் அச்சிட்டபடியே முழுவதையும் எழுதியதற்கு ஒரு காரணம் உண்டு. சிங்களப் பெயர்களில் கடைசியாக வருவது பெரும்பாலும் குடும்பப் பெயர். எங்களிலும் தமிழர்களிலும் பெரும்பாலும் சொந்தப் பெயர், சிலருக்குத் தகப்பனின் பெயர். எது எது என்று தெரியாதபோது முழுவதையும் எழுதுவது கொஞ்சம் விறைப்பாக இருந்தாலும் பிழையாகாது. உள்ளே மூன்றே வரிகள்: ராத்தா யார், என்ன கேள்வி, இறுதித் திகதி என்ன. பெயர் சொல்லி விளித்ததால் "Yours sincerely" என்று முடித்தோம். "Dear Sir/Madam" என்று தொடங்கியிருந்தால் "Yours faithfully" வந்திருக்கும்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. வினாத்தாள் மூன்று மொழிகளிலும் உண்டு, விண்ணப்பத்தில் மொழியைக் குறிப்பிட்டால் போதும் என்றிருந்தது. கீழே கையொப்பத்தில் Dr. (Mrs.) என்று இருந்தது. நான் மறுபடியும் "Dear Sir" எழுதியிருந்தால்! முதல் மின்னஞ்சலுக்குப் பதில் வராதது விளிப்பினாலா, விடயத்தினாலா, தவறான ஆளுக்குப் போனதாலா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. மூன்றாவது காரணமாக இருக்கலாம் என்று ராத்தா சொல்கிறார், நான் இரண்டாவதைச் சந்தேகிக்கிறேன்.

நன்றி சொல்லி எழுதும்போது புதிதாகத் தொடங்காமல் அதே மின்னஞ்சலுக்கே பதிலாக அனுப்பினோம், விடயத்தையும் மாற்றவில்லை. பழைய கேள்வி கீழேயே இருப்பதால் அவருக்கு யார் என்று தேட வேண்டியதில்லை. பெண் என்று தெரிந்துவிட்டதே, இனி "Dear Madam" போடட்டுமா என்று கேட்டேன். ராத்தா விடவில்லை, "அவர் படித்து எடுத்த பட்டம் இருக்கும்போது எதற்கு?" என்றார். "Dear Dr." என்றே போனது. இரண்டு வாரங்களுக்குப் பிறகு அனுமதி அட்டை வராதபோது மட்டும் புதிய விடயத்தோடு புதிய மின்னஞ்சல் எழுதினோம். அது பீடத்தின் உதவிப் பதிவாளருக்கு. அவருடைய பெயரே பக்கத்தில் இல்லாததால் "Dear Sir/Madam" என்று தொடங்கினோம்.