பக்கவாதத்திற்குப் பின் தேநீர் புரையேறுகிறதா? கெட்டித்தன்மையை வீட்டிலேயே அளப்பது எப்படி

மைசூரு: பக்கவாதத்தில் இருந்து மீண்ட முதியவர்களில் சிலர் பிசைந்த இட்லியைச் சிரமமின்றி உண்பார்கள்; ஆனால் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தால் இருமத் தொடங்குவார்கள். வீட்டாருக்கு இது புதிராகத் தோன்றும். திரவத்தின் வேகமே இதற்குக் காரணம். நாம் விழுங்கும் நொடியில் குரல்வளை மேலெழுந்து மூச்சுக்குழாயின் வாயிலை மூடிக்கொள்கிறது. பக்கவாதம் இந்த அசைவைத் தாமதப்படுத்தும்போது, தண்ணீரும் தேநீரும் வாயில் மூடுவதற்கு முன்பே உள்ளே இறங்கிவிடுகின்றன. கெட்டியாக்கிய திரவம் மெதுவாக நகர்வதால் தொண்டைக்கு அவகாசம் கிடைக்கிறது.

எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்பதை வீட்டில் முடிவு செய்ய இயலாது. இருமலே வராமல் திரவம் நுரையீரலுக்குச் செல்வதும் உண்டு. எனவே விழுங்கும் திறனைப் பேச்சு மொழி நோய்க்குறியியல் நிபுணர் ஆராய வேண்டும். தேவைப்பட்டால் எக்ஸ்ரே காணொளிப் பரிசோதனையும் செய்யப்படும். இத்துறை நிபுணர்களை உருவாக்கும் அகில இந்திய பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் 1965 முதல் மைசூருவில் இயங்கி வருகிறது.

நிபுணர்கள் பின்பற்றும் பன்னாட்டு அளவுகோலில் பானங்களுக்கு 0 முதல் 4 வரை ஐந்து நிலைகள் உள்ளன. தண்ணீர் 0, கரண்டியால் மட்டுமே உண்ணக்கூடிய கூழ்மம் 4. எடுத்துக்காட்டாக, 74 வயது தந்தைக்கு நிலை 2 பரிந்துரைக்கப்பட்டதாகக் கொள்வோம். மகள் 150 மில்லி தேநீரை வடிகட்டி, பொட்டலத்தில் உள்ள அளவின்படி கெட்டியாக்கும் தூளைச் சேர்த்து, முட்கரண்டியால் அடித்துக் கலக்குகிறார். பால் சேர்ந்த தேநீர் கெட்டியாவதற்குத் தண்ணீரைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும். பொறுமையின்றி மேலும் தூள் போட்டால் சிறிது நேரத்தில் அது அளவுக்கு மீறி இறுகிவிடும். அவ்வாறு இறுகியது தொண்டையில் தங்கி, பின்னர் மூச்சுக்குழாய்க்குள் நழுவக்கூடும்.

குடிக்கும் சூட்டுக்கு வந்ததும் அவர் சோதிக்கிறார். ஊசியில்லாத 10 மில்லி சிரிஞ்சின் நுனியை விரலால் அடைத்து, 10 மில்லி கோடு வரை தேநீரை நிரப்பி, விரலை எடுத்துச் சரியாக 10 விநாடிகள் ஒழுக விட்டு மீண்டும் அடைக்க வேண்டும். மீதி 1 முதல் 4 மில்லி வரை என்றால் நிலை 1. 4 முதல் 8 வரை நிலை 2. அதற்கு மேல் இருந்தும் ஓரளவு ஒழுகினால் நிலை 3. முதல் நாள் 2 மில்லியே எஞ்சியது. அந்தத் தேநீர் தந்தைக்கு உகந்ததல்ல. மறுநாள் தூளைச் சற்றுக் கூட்டியதும் 6 மில்லி எஞ்சியது. அந்த அளவைக் குறித்து வைத்துக்கொண்டால் போதும். சிரிஞ்சின் வடிவம் மாறினால் முடிவும் மாறும். 0 கோட்டிலிருந்து 10 கோடு வரை 61.5 மில்லிமீட்டர் நீளம் உள்ளதையே பயன்படுத்த வேண்டும்.

தூளுக்குப் பதிலாக ராகிக் கஞ்சி போதாதா என்ற கேள்வி மைசூரு வீடுகளில் எழுவது இயல்பே. கஞ்சியும் சோளமாவும் ஸ்டார்ச்சால் கெட்டியாகின்றன. உமிழ்நீரில் உள்ள அமிலேஸ் நொதி ஸ்டார்ச்சைச் சிதைத்துவிடும். எச்சில் பட்ட கரண்டியை மீண்டும் கிண்ணத்தில் இட்டால், சற்று நேரத்தில் கஞ்சி நீர்த்துவிடுவதைக் கண்ணாலேயே காணலாம். முளைகட்டிய ராகி மால்ட்டில் அந்த நொதி மாவிலேயே உருவாகிறது. கஞ்சியை இளக்குவதால் குழந்தை உணவுக்கு அது நன்மை. இங்கோ அதுவே இடர். ஜாந்தன் கம் அடிப்படையிலான தூளை உமிழ்நீர் சிதைப்பதில்லை. எனவே தேநீருக்கு அதுவே ஏற்றது. ஐஸ்கிரீம் கெட்டியாகத் தெரிந்தாலும் வாயில் உருகித் தண்ணீருக்கு நிகராகிவிடும்.

கெட்டிப் பானத்திற்கு ஒரு விலையும் உண்டு. சுவை மங்குவதால் முதியவர்கள் குறைவாகவே குடிக்கிறார்கள். நாள் முழுவதும் எத்தனை கோப்பை உள்ளே சென்றது என எழுதி வைப்பது அவசியம். 150 மில்லி வீதம் எட்டு முறை குடித்தாலும் 1,200 மில்லிதான். எவ்வளவு தேவை என்பதை இதயம், சிறுநீரகம் ஆகியவற்றின் நிலை அறிந்து மருத்துவர் கூறுவார். சிறுநீர் அடர் நிறமாதல், நாக்கு வறளுதல், திடீர்க் குழப்பம் ஆகியவை நீரிழப்பின் அறிகுறிகள்.

நிமிர்ந்து அமர்ந்து, சிறு சிறு மடக்காகக் குடித்து, அதன் பின் அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். வாய்ச் சுத்தத்தையும் விட்டுவிடக் கூடாது. நுரையீரலுக்குள் இறங்கும் துளியுடன் வாயிலுள்ள கிருமிகளும் சென்றே நிமோனியாவை உண்டாக்குகின்றன. கெட்டிப் பானம் அந்த ஆபத்தை முற்றிலும் நீக்குவதில்லை. குடித்த பின் குரல் ஈரமாகக் கரகரத்தால் நிறுத்திவிட்டு நிபுணரிடம் தெரிவிக்க வேண்டும். காய்ச்சலோ மூச்சுத் திணறலோ வந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மாத்திரைகளைக் கெட்டிப் பானத்தில் தரும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். சில மருந்துகள் அதில் தாமதமாகவே கரைகின்றன. பக்கவாதம் வந்த சில வாரங்களில் பலருக்கு விழுங்கும் திறன் திரும்புவதால், மறுபரிசோதனைத் தேதியை முதல் சந்திப்பிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.