வளைந்து செல்லும் பாதை எவ்வளவு நீளம்? வரைபடத்தின் படமே சொல்லும்!

பூங்கா நுழைவாயிலில் பெரிய வரைபடப் பலகை இருக்கும். பலரும் அதைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டு உள்ளே நடக்கத் தொடங்கிவிடுவார்கள்.

மாலை 5 மணி. சிங்கப்பூரில் ஏறக்குறைய 7 மணிக்குச் சூரியன் மறையும். மரங்கள் அடர்ந்த பாதையில் அதற்கு முன்பே இருட்டிவிடும். பாதையின் கடைசிவரை போய்த் திரும்ப நேரம் இருக்கிறதா?

"கிட்டத்தான் தெரியுது, போய் வந்துடலாம்" என்று கண்ணால் கணக்குப் போட்டால் பெரும்பாலும் குறைவாகத்தான் வரும். காரணம், நம் கண் தொடக்கத்தையும் முடிவையும் பார்க்கிறது. நடுவில் இருக்கும் வளைவுகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

வளைவுகள் எவ்வளவு கூட்டும் என்பதற்கு பீஷான்-அங் மோ கியோ பூங்காவில் ஓடும் காலாங் ஆறே சாட்சி. முன்பு அது 2.7 கிலோமீட்டர் நீளக் கான்கிரீட் கால்வாய். 2012இல் அதே பூங்காவுக்குள் வளைந்து நெளிந்து ஓடும் ஆறாக மாறியது. இப்போது நீளம் 3.2 கிலோமீட்டர். கூடுதலாக வந்த அரைக் கிலோமீட்டர் முழுக்க வளைவுகள் தந்தது.

சரி, எப்படி அளப்பது?

வளைந்த கோட்டை ரூலரால் அளக்க முடியாது. நேர்க்கோட்டை அளக்கலாம். ஆகவே பாதையின் மேல் வரிசையாகப் புள்ளிகள் வையுங்கள். அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையிலான நேர்த்தூரத்தை அளந்து கூட்டுங்கள். அவ்வளவுதான்.

படத்தைக் கணினித் திரையில் திறந்தால் வசதி. கைத்தொலைபேசியில் ரூலரை வைத்தால் படம் நகர்ந்துவிடும். எதில் அளந்தாலும் ஒன்று முக்கியம்: அளந்து முடிக்கும்வரை படத்தைப் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ கூடாது.

அடுத்து, வரைபடத்தின் ஓரத்தில் உள்ள அளவுக்கோட்டைத் தேடுங்கள். "500 மீ" என்று எழுதிய சின்னக் கோடு அது. சில வரைபடங்களில் 1:5000 என்பதுபோல் விகிதமும் இருக்கும். அதை நம்பாதீர்கள். அது அச்சிட்ட தாளுக்குப் பொருந்தும். படம் எடுத்த பிறகு பொருந்தாது. அளவுக்கோடு அப்படியல்ல. படம் சுருங்கினால் அதுவும் கூடவே சுருங்கும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். திரையில் 500 மீட்டர் கோடு 40 மில்லிமீட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போ 1 மில்லிமீட்டர் என்றால் 12.5 மீட்டர்.

பாதையை 8 துண்டுகளாகப் பிரிக்கிறோம்: 24, 31, 18, 27, 22, 35, 19, 28. கூட்டினால் 204 மில்லிமீட்டர். 12.5ஆல் பெருக்கினால் 2,550 மீட்டர்.

பாதையின் இரு முனைகளையும் ஒரே நேர்க்கோட்டால் இணைத்தால் 130 மில்லிமீட்டர்தான். அதாவது 1,625 மீட்டர். கண் பார்த்துச் சொன்ன கணக்கு இதற்குப் பக்கத்தில்தான் இருந்திருக்கும்!

8 துண்டு போதுமா?

போதாது. ஒவ்வொரு நேர்த்துண்டும் ஒரு வளைவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. குறுக்குவழி எப்போதும் சின்னது. அதனால் இந்த முறையில் வரும் விடை உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும்.

எவ்வளவு குறைவு? 100 மீட்டர் அகலமுள்ள அரைவட்ட வளைவை நினைத்துப் பாருங்கள். அதன் உண்மையான நீளம் 157 மீட்டர். ஒரே துண்டாக அளந்தால் 100. இரண்டு துண்டாக 141. நான்கு துண்டாக 153. பிழை முதலில் 57, பிறகு 16, பிறகு 4. துண்டுகளை இரட்டிப்பாக்கும்போதெல்லாம் பிழை ஏறக்குறைய கால்பங்காகக் குறைகிறது.

இதில் ஒரு கெட்டிக்காரத்தனமான வழி ஒளிந்திருக்கிறது. இரண்டு துண்டிலிருந்து நான்குக்குப் போனபோது விடை 12 கூடியது. அந்த 12இல் மூன்றில் ஒரு பங்கு 4. அதை 153உடன் சேர்த்தால் 157! இன்னும் நூறு துண்டுகளாக வெட்டத் தேவையே இல்லை.

நம் பாதைக்கு வருவோம். ஒவ்வொரு இரண்டு புள்ளிகளுக்கும் நடுவில், பாதையின் மேலேயே, இன்னொரு புள்ளி வைக்கிறோம். இப்போது 16 துண்டுகள், மொத்தம் 222 மில்லிமீட்டர். மறுபடியும் அதேபோல் செய்தால் 32 துண்டுகள், 227 மில்லிமீட்டர். முதலில் 18 கூடியது, பிறகு 5 மட்டும். கிட்டத்தட்ட கால்பங்கு. நல்ல அறிகுறி.

கடைசியாகக் கூடிய 5இல் மூன்றில் ஒரு பங்கைச் சேர்த்தால் சுமார் 228.7. அதாவது ஏறக்குறைய 2.9 கிலோமீட்டர்.

இரண்டாவது முறையும் 15 கூடியிருந்தால்? பாதையில் உங்கள் துண்டுகளைவிடச் சின்ன வளைவுகள் இருக்கின்றன என்று அர்த்தம். அப்போது மூன்றில் ஒரு பங்கு வழி எடுபடாது. இன்னும் பிரிக்க வேண்டும்.

அதற்காகப் பிரித்துக்கொண்டே போகவும் முடியாது. துண்டு மிகவும் சின்னதாகிவிட்டால், புள்ளி வைக்கும்போது கை கொஞ்சம் நடுங்குவதே பொய் வளைவுகளாகிவிடும். நீளம் தேவையில்லாமல் கூடும். 32 துண்டில் ஒவ்வொன்றும் சுமார் 7 மில்லிமீட்டர். ரூலரில் அளக்க அதற்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது.

படம் சாய்ந்திருந்தால்?

பலரும் கவனிக்காத பிழை இதுதான். உயரமான பலகையைக் கீழிருந்து படம் எடுத்தால், கீழ்ப்பகுதி பெரிதாகவும் மேற்பகுதி சிறிதாகவும் விழும். அளவுக்கோடு பெரும்பாலும் கீழ் மூலையில் இருக்கும். பாதையோ மேலே இருக்கும். கீழே உள்ள கோட்டால் மேலே உள்ள பாதையை அளந்தால் நீளம் குறைந்துவிடும்.

கண்டுபிடிப்பது சுலபம். பலகையின் சட்டத்தைப் பாருங்கள். கீழ் விளிம்பு 100 மில்லிமீட்டர், மேல் விளிம்பு 90 என்றால், மேல் பகுதியில் அளப்பது 10 விழுக்காடு குறைவாக வரும். 2.9 கிலோமீட்டர் பாதை முழுவதும் மேலே இருந்தால், அதில் கிட்டத்தட்ட 300 மீட்டர் காணாமல் போகும்.

கொஞ்சம் பின்னால் தள்ளி நின்று, கைத்தொலைபேசியைப் பலகையின் நடு உயரத்தில் நேராகப் பிடித்து, பிறகு பெரிதாக்கி எடுத்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

மேடு பள்ளம் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். 100 மீட்டருக்கு 10 மீட்டர் ஏறும் பாதைகூட வரைபட நீளத்தைவிட அரை விழுக்காடுதான் அதிகம். கால்தான் வலிக்கும்! ஆனால் வரைபடம் வரைந்தவர் விட்டுவிட்ட சின்னச் சின்ன நெளிவுகளை எந்த ரூலரும் மீட்டுத் தராது. அதனால் வந்த விடையை எப்போதும் கொஞ்சம் மேல்நோக்கியே முழுமையாக்குங்கள்.

இப்போது அந்த 5 மணிக் கேள்வி. காட்டுப் பாதையில் மணிக்கு 3 கிலோமீட்டர் நடப்பதாக வைத்துக்கொண்டால், கண் கணக்கின்படி போய்வர 3.25 கிலோமீட்டர், 6.05க்கு வெளியே வந்துவிடலாம். அளந்த கணக்கின்படி 5.8 கிலோமீட்டர். வெளியே வர கிட்டத்தட்ட 7 மணி ஆகும்.

பழகிப் பார்க்க விரும்புவோர் பீஷான்-அங் மோ கியோ பூங்கா வரைபடத்தைப் படம் எடுத்து ஆற்றை அளக்கலாம். விடை 3.2 என்று தெரியும். 2.9 வந்தால் முதலில் துண்டுகளை இரட்டிப்பாக்குங்கள். அப்படியும் ஏறவில்லை என்றால் சட்டத்தின் மேல் விளிம்பை அளந்து பாருங்கள்.