பால் குடிக்க முடியாமல் மூச்சு வாங்கும் கைக்குழந்தை
வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள்!

மும்பை பவாயில் 2025-ம் ஆண்டு ஜனவரி மாதம் 6 மாதப் பெண் குழந்தை ஒன்று கடும் இருமலுடன் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டது. அதன் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 84 சதவீதமாக இறங்கியிருந்தது. பரிசோதனையில் எச்.எம்.பி.வி. என்ற வைரஸ் தெரிய வந்தது. சில நாள் சிகிச்சைக்குப் பின் குழந்தை நலமுடன் வீடு திரும்பியது.

அப்போது எச்.எம்.பி.வி. என்ற பெயரைக் கேட்டு நகரமே பயந்தது. ஆனால் அந்த வைரசும், அதைவிட அதிகமாகக் காணப்படும் ஆர்.எஸ்.வி. என்ற வைரசும் புதியவை அல்ல. பெரும்பாலான பெரியவர்களுக்கு இவை வெறும் ஜலதோஷம். கைக்குழந்தையின் மார்புக்குள் இறங்கினால் மட்டும் கதை வேறு. அந்த நோய்க்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் பிராங்கியோலைட்டிஸ். நுரையீரலின் கடைசிச் சின்னக் குழாய்கள் வீங்கி, சளியால் அடைபடுவதுதான் இது. 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு, அதிலும் முதல் 6 மாதத்தில் இருப்பவர்களுக்கு, அதிகம் வருகிறது.

குழாய் பாதியானால்...

ஒரு குழாயின் அகலம் பாதியாகக் குறைந்தால், அதன் வழியே காற்றை இழுப்பது இரண்டு மடங்கு அல்ல, 16 மடங்கு கஷ்டமாகிவிடும். பெரியவர்களின் குழாயில் கொஞ்சம் வீக்கம் வந்தால் தெரியாது. குழந்தையின் குழாயோ ஏற்கனவே மிகச் சிறியது. அதனால்தான் அண்ணனுக்கு வந்த சாதாரணச் சளி, தொட்டிலில் கிடக்கும் தம்பியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறது.

தாராவியில் ஒரு வீடு

இது எப்படி நடக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம் பார்ப்போம். தாராவியில் ஒரே அறை கொண்ட வீடு. பள்ளிக்கூடம் போகும் மூத்த பையனுக்குச் சளி. இரண்டு மூன்று நாளில் 4 மாதக் கைக்குழந்தைக்கும் மூக்கு ஒழுகியது, லேசான காய்ச்சல். ஊரிலிருந்து வந்திருந்த ஆச்சி, "சளிதானே, ரெண்டு நாள்ல போயிரும்" என்றார். முதல் இரண்டு நாளும் அவர் சொன்னது சரியாகத்தான் பட்டது.

மூன்றாம் நாள் இருமல் கூடியது. மார்பில் 'கீச் கீச்' சத்தம் கேட்டது. தாய் பாலுக்கு எடுத்தால், குழந்தை நாலு தடவை உறிஞ்சிவிட்டு வாயை எடுத்துக்கொண்டு அழுதது. தாய்க்குப் பால் குறைந்துவிட்டது என்று வீட்டில் நினைத்தார்கள்.

பால் குறையவில்லை. கைக்குழந்தை பெரும்பாலும் மூக்கு வழியாகத்தான் மூச்சு விடும். உறிஞ்சி, விழுங்கி, மூச்சு விட வேண்டும். மூக்கு அடைத்து, மூச்சும் வேகமாக ஓடினால், விழுங்குவதற்கு இடைவெளி கிடைக்காது. ஆகவே வாயை எடுத்துவிடுகிறது. பால் குடிக்க முடியாமல் போவது தனி நோயல்ல. மூச்சுத் திணறலின் முதல் அடையாளம்.

எண்ணுவது எப்படி?

அன்று மாலை தகப்பனார் எண்ணினார். 56 வந்தது. எண்ணும் முறை சுலபம். குழந்தை தூங்கும்போதோ, அழாமல் அமைதியாக இருக்கும்போதோ சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்க்க வேண்டும். வயிறு ஒரு முறை ஏறி இறங்கினால் ஒன்று. கடிகாரத்தை வைத்து முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்கினால் தப்பாகும். ஏனெனில் குழந்தையின் மூச்சு சீராக ஓடாது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு இது: 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60, 2 மாதம் முதல் ஒரு வயது வரை 50, அதன் பின் 5 வயது வரை 40. இந்த எண்ணோ அதற்கு மேலோ வந்தால் வேக மூச்சு. காய்ச்சலிலும் மூச்சு கூடும் என்பதால் காய்ச்சல் இறங்கியபின் மறுபடி எண்ணலாம். அப்போதும் குறையாவிட்டால் அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். அந்த வீட்டில் ஓர் இரவு காத்திருந்தார்கள். அதுதான் தவறு. இந்த நோய் பெரும்பாலும் 3-ம் நாளிலிருந்து 5-ம் நாளுக்குள்தான் உச்சத்துக்குப் போகும்.

உடனே ஆஸ்பத்திரி!

நான்காம் நாள் இரவு எண்ணிக்கை 68. மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தது. மூக்குத் துவாரம் விரிந்து சுருங்கியது. காலையிலிருந்து 12 மணி நேரமாகத் துணி நனையவில்லை. இதற்கு மேல் வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

ஒவ்வொரு மூச்சிலும் முனகல், உதடோ நாக்கோ நீலம் பாய்வது, எழுப்பினாலும் துவண்டு கிடப்பது, மூச்சு இடையில் நின்று நின்று வருவது, வழக்கத்தில் பாதிப் பால்கூட இறங்காதது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அப்படித்தான். 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தை, குறை மாதத்தில் பிறந்தது, இதயக் கோளாறு உள்ளது என்றால் இவ்வளவுகூடக் காத்திருக்க வேண்டாம்.

இன்னொரு ஏமாற்றமும் உண்டு. திணறிய குழந்தையின் மூச்சு திடீரென்று மெதுவாகி, அழுகையும் நின்றால் சுகமாகிவிட்டது என்று நினைக்கக் கூடாது. பால் குடித்து, கண் விழித்துப் பார்த்தால்தான் சுகம். துவண்டு கிடந்தால் அது களைத்துப் போய்விட்டது என்று பொருள். அதுதான் பெரிய ஆபத்து.

தாராவி, மாட்டுங்காவில் இருப்பவர்களுக்கு சயான் ஆஸ்பத்திரி பக்கம். செம்பூரிலிருந்து சயானுக்கோ, காட்கோபர் ராஜாவாடிக்கோ போகலாம். பரேலில் வாடியா குழந்தைகள் ஆஸ்பத்திரி உள்ளது. 108-க்குப் போன் செய்தால் ஆம்புலன்ஸ் வரும். வழியில் குழந்தையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். கழுத்தும் மார்பும் இறுகச் சுற்ற வேண்டாம். வற்புறுத்திப் பால் புகட்டவும் வேண்டாம், புரையேறும்.

ஆக்சிஜன்தான் மருந்து

ஆஸ்பத்திரியில் முதலில் கால் விரலில் சிறு கிளிப்பை மாட்டி ஆக்சிஜன் அளவைப் பார்ப்பார்கள். நம் உதாரணக் குழந்தைக்கு 87 என்று வந்தது. 90-க்குக் கீழே இறங்கினால் ஆக்சிஜன் தர வேண்டும். மூக்கில் மெல்லிய குழாய் வைத்து, நிமிடத்துக்கு ஒன்று இரண்டு லிட்டர் செலுத்துவார்கள். பால் குடிக்க முடியாததால் மூக்கு வழியே இன்னொரு குழாய் விட்டுத் தாய்ப்பாலை வயிற்றுக்கு அனுப்புவார்கள். குழாயைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

"ஊசி போடவில்லையே, மருந்து எழுதவில்லையே" என்று சிலர் சண்டைக்குப் போவதுண்டு. வைரசுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. ஆஸ்துமாவில் குழாயைச் சுற்றிய தசை இறுகுகிறது. புகை மருந்து அதைத் தளர்த்தும். இங்கே அடைத்திருப்பது சளியும் வீக்கமும். ஆகவே அந்தப் புகை மருந்தால் பெரும்பாலும் பலன் இருக்காது. வீக்கம் தானே வடியும்வரை குழந்தையின் மூச்சையும் வயிற்றையும் காப்பதே சிகிச்சை. இரண்டு மூன்று நாளில் அளவு ஏறியது. ஆக்சிஜன் இல்லாமலே அளவு நின்று, குழந்தை தானாகப் பால் குடித்தபின் வீட்டுக்கு அனுப்பினார்கள். இருமல் மேலும் இரண்டு மூன்று வாரம் இருக்கலாம்.

எண்ணிக்கை எல்லைக்குள் இருந்து, பாலும் குடித்தால் வீட்டிலேயே பார்க்கலாம். பால் கொடுக்கும் முன் மூக்கில் உப்புநீர்ச் சொட்டு விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுக்க வேண்டும். மூக்கில் எண்ணெய் விடக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். மார்பில் சூடத் தைலம், நாக்கில் தேன், கடையில் வாங்கும் இருமல் மருந்து எதுவும் கூடாது. அறையில் பீடி, சிகரெட், சாம்பிராணிப் புகையும் ஆகாது.

இரவில் விளக்கை அணைக்கும் முன் இன்னொரு முறை எண்ணிப் பார்த்துவிட்டுப் படுங்கள்.