வராத பங்குக்கு வந்த பில்

தாதர் மேற்கில், பூ மார்க்கெட்டை ஒட்டிப் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரர் ஒருவர். கதைக்கு அண்ணாச்சி என்றே வைத்துக்கொள்வோம். வீடு தாராவி 90 அடி ரோட்டில். கற்பூரத்திலும் ஊதுபத்தியிலும் மிச்சம் பிடித்து, மகளின் கல்லூரிச் செலவுக்கென 4 லட்சம் ரூபாய் எஃப்.டி. போட்டிருந்தார்.

முகநூலில் வந்த ஒரு விளம்பரத்தைத் தொட்டதும் வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்த்துவிட்டார்கள். அங்கே ஒரு ‘சார்’ பாடம் நடத்துவார், காலை 9.15-க்குச் சந்தை திறந்ததும் டிப்ஸ் வரும். லாபம் வந்ததாக மற்றவர்கள் படம் படமாகப் போடுவார்கள். அவர்களில் பாதிப் பேர் அதே கும்பலின் ஆட்கள் என்று அண்ணாச்சிக்கு எப்படித் தெரியும்?

டிப்ஸ் விற்று ஏமாற்றுவது புதிதல்ல. ‘புல்ரன்2017’ என்ற டெலிகிராம் சேனலை நடத்தியவர்கள்மீது 2022 ஜனவரியில் செபி உத்தரவு போட்டது. தாங்கள் முன்பே வாங்கி வைத்த பங்கை மற்றவர்களை வாங்கச் சொல்லி, விலை ஏறியதும் விற்றுவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. அதிலாவது பங்கு நிஜம். அண்ணாச்சி மாட்டியதில் அதுவும் இல்லை.

குழுவில் வந்த லிங்க் வழியாக ஒரு ஆப்பை இறக்கினார். பிளே ஸ்டோரில் இல்லாத ஆப். முதலில் 5,000 ரூபாய் போட்டார். கேட்டதும் 1,200 திரும்பி வந்தது. நம்பிக்கை பிறக்க அது போதும். அடுத்து 45,000. பிறகு ஒருநாள் இரவு 50,000. ஒவ்வொரு தடவையும் பணம் போன கணக்கு வேறு வேறு ஆள் பெயரில், வேறு வேறு வங்கியில் இருந்தது. ஆப்பில் 2,38,000 காட்டியது. அதில் தெரிந்த பங்கு விலைகள் டிவியில் ஓடும் விலையோடு அப்படியே பொருந்தின. இந்த மோசடியின் சாமர்த்தியமே இதுதான்: விலை நிஜம், வாங்கியதுதான் பொய்.

கடைசியாக ஒரு ஐ.பி.ஓ. வந்தது. அண்ணாச்சி ஆப்பிலேயே ஒரு லாட் கேட்டார். சுமார் 15,000 ரூபாய். மறுநாள் காலை, “வாழ்த்துகள், 40 லாட் கிடைத்திருக்கிறது” என்று செய்தி. மொத்தம் 6 லட்சம். கையிருப்பு போக 3,62,000 ரூபாயை மாலைக்குள் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் கணக்கு முடங்கும், போட்டதும் போகும்.

எஃப்.டி.யை உடைக்க ரசீதை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, தற்செயலாகக் கடைக்கு வந்தான் தங்கை மகன். ஃபோர்ட்டில் ஒரு புரோக்கர் அலுவலகத்தில் வேலை.

“மாமா, ஒரு லாட் கேட்டா 40 லாட் யார் குடுப்பா? நம்மள மாதிரி சில்லறை ஆளு 2 லட்சத்துக்கு மேல கேக்கவே முடியாது. நல்ல ஐ.பி.ஓ.ல ஒரு லாட் விழுறதே குலுக்கல்ல.”

“பெரிய ஆளுங்க கோட்டால வாங்கித் தாறாங்களாம்லே.”

அந்தக் ‘கோட்டா’ கதையைப் பற்றி 2024 பிப்ரவரியிலேயே செபி எச்சரித்திருந்தது. வெளிநாட்டு நிறுவன முதலீட்டாளர் வழியில் இங்குள்ளவர்களுக்குப் பங்கு வாங்கித் தருவதாகச் சொல்வது பொய் என்று. செபியின் தலைமையகம் தாராவிக்குப் பக்கத்து பாந்த்ரா குர்லா காம்ப்ளக்ஸில்தான். எச்சரிக்கைதான் 90 அடி ரோடு வரை வந்து சேரவில்லை.

மருமகன் இரண்டு விஷயம் பார்த்தான். முதலாவது, பணம். ஐ.பி.ஓ.வுக்கு விண்ணப்பித்தால் பணம் நம் வங்கிக் கணக்கிலேயே முடக்கி வைக்கப்படும். பங்கு ஒதுக்கிய பிறகே, ஒதுக்கிய அளவுக்கு மட்டும் எடுப்பார்கள். பிறகு வந்து பாக்கி கேட்கும் வேலை அதில் கிடையாது. இரண்டாவது, பங்கு இருக்கும் இடம். வாங்கிய பங்கு புரோக்கரின் ஆப்பில் தங்குவதில்லை. சி.டி.எஸ்.எல். அல்லது என்.எஸ்.டி.எல்.லில் நம் பெயரில், நம் பான் எண்ணோடு டிமேட் கணக்கில் ஏறும். அவர்களுடைய தளத்திலேயே நேராகப் பார்க்கலாம். அண்ணாச்சி பெயரில் டிமேட் கணக்கே திறந்திருக்கவில்லை. பி.எஸ்.இ. தளத்தில் அந்த ஐ.பி.ஓ.வைத் தேர்ந்து பான் எண்ணைப் போட்டார்கள். விண்ணப்பமே இல்லை.

“அப்ப அந்த 2,38,000?”

“எடுத்துப் பாருங்க மாமா.”

எடுக்கக் கேட்டதும், “ஐ.பி.ஓ. பாக்கியைக் கட்டினால்தான் எடுக்க முடியும்” என்று பதில் வந்தது. அண்ணாச்சி ரசீதை மடித்துக் கல்லாவுக்குள் வைத்தார்.

கடையில் நின்றபடியே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைத்தார்கள். பணம் போன நேரம், கணக்கு எண், பரிவர்த்தனை எண் எல்லாம் கேட்டார்கள். இந்த ஏற்பாட்டில் வங்கிகள் பணம் போன வழியைத் தொடர்ந்து, எந்தக் கணக்கில் மிச்சம் நிற்கிறதோ அங்கே நிறுத்திவைக்கும். அதனால் மணிக்கணக்குதான் முக்கியம். முந்தின இரவு போன 50,000-இல் 31,000 இன்னொரு கணக்கில் சிக்கியது. மூன்று வாரத்துக்கு முன் போனது பல கை மாறி மறைந்துவிட்டது.

புரோக்கருக்குப் பணம் அனுப்புபவர்களுக்கு இப்போது இன்னொரு அடையாளமும் உண்டு. 2025 அக்டோபர் முதல், செபியில் பதிவான புரோக்கர்களின் யு.பி.ஐ. முகவரியில் `@valid` என்று இருக்கும். பெயரோடு `.brk` சேர்ந்திருக்கும். பணம் போடும் திரையில் பச்சை முக்கோணத்துக்குள் கட்டைவிரல் தெரியும். அண்ணாச்சி பணம் போட்ட கணக்குகளில் இதில் ஒன்றுகூட இல்லை.

சிக்கிய 31,000 உடனே கைக்கு வரவில்லை. காவல் நிலையப் புகார், வங்கிக் கடிதம், விடுவிக்கும் உத்தரவு என்று அது தனியாக நடந்துகொண்டிருக்கிறது.